விற்பனைக்கு: 190 லிட்டர் ஒற்றைக் கதவு பிரிட்ஜ், குளச்சல்

2017-இல் புதிதாக வாங்கி, நால்வர் கொண்ட எங்கள் குடும்பம் மட்டுமே பயன்படுத்திவந்த இந்த பிரிட்ஜை, வீடு மாறுவதால் 4,500 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். கடற்காற்றின் உப்பு அரித்துப் பின்பக்கக் குழாயில் துளை விழுந்து கேஸ் கசிந்ததால், 2022-இல் அக்குழாயை மாற்றி கேஸ் நிரப்பினோம். சென்ற ஆண்டு கதவு ரப்பரையும் மாற்றினோம். கம்ப்ரசர் நிற்கும்போது ஒருமுறை குலுங்கும். மற்றபடி மெல்லிய இரைச்சல்தான். இடது காலருகே உள்ளங்கையளவு துரு இருக்கிறது. வாங்குபவர் கண்ணால் பார்க்கட்டும் என்றே அதன்மேல் பெயிண்ட் அடிக்கவில்லை. மாலை 4 மணிக்குப் பின் வந்து, ஓடவிட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள். வீடு மாடியில் இருப்பதாலும் படி குறுகலானதாலும், தூக்க இருவரையும் ஒரு குட்டியானை வண்டியையும் நீங்களே அழைத்துவர வேண்டும். நிமிர்த்தியே கொண்டுசெல்லுங்கள், வழியில் சாய்க்க நேர்ந்தால், சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போடுங்கள்.