தரவுப் போதுமை: சுங்கை சிப்புட் மாலை வகுப்புப் பயிற்சி

விடையைக் கணக்கிட வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே உள்ள (1), (2) கூற்றுகள் விடை காணப் போதுமா என்று மட்டும் பாருங்கள்.

அ) 1 மட்டும் போதும்
ஆ) 2 மட்டும் போதும்
இ) இரண்டும் சேர்ந்தால்தான் போதும்
ஈ) தனித்தனியாகவே போதும்
உ) சேர்ந்தாலும் போதாது

1. தோட்டத்தில் ஒருவர் நேற்று எத்தனை செம்பனைக் குலைகள் வெட்டினார்?
(1) குலைக்குக் கூலி 60 சென்.
(2) குலைக்கூலியாக மட்டும் நேற்று 72 ரிங்கிட் பெற்றார்.

2. சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் என்ன விலை?
(1) 3 தே தாரிக், 2 ரொட்டி சானாய் சேர்ந்து 10 ரிங்கிட்.
(2) 6 தே தாரிக், 4 ரொட்டி சானாய் சேர்ந்து 20 ரிங்கிட்.

3. பள்ளிப் பஸ்ஸில் 30 பேருக்கு மேல் இருக்கிறார்களா?
(1) 28 பேருக்கும் குறைவு.
(2) 40 இருக்கைகளில் பாதி காலி. இருக்கைக்கு ஒருவர், நிற்பவர் யாருமில்லை.

விடைகள்: 1-இ, 2-உ, 3-ஈ.

இரண்டாவதில்தான் பலர் ‘இ’ போட்டுவிட்டு வருவார்கள். இரண்டு சமன்பாடு கண்டதும் கை துறுதுறுக்கும். ஆனால் இரண்டாம் கூற்று முதலாவதின் இரு மடங்குதான். புதிதாக எதுவும் சொல்லவில்லை. மூன்றாவதில் ‘இல்லை’ என்பதும் உறுதியான விடையே.