உறுப்பினர் பங்குப் பதிவேடு: எக்செல் அமைப்பு தொடர்பாக

12.06.2024

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். ஊருக்கு வந்திருந்தபோது நம் பால் கூட்டுறவு சங்கத்தின் பங்குப் பதிவேட்டை எக்செல்லில் போட்டுத் தருவதாகச் சொன்னீர்கள். என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். அதற்கான பதில் இது.

முதலில் ஒன்று. உறுப்பினர் விவரமும் பணம் வந்து போன விவரமும் ஒரே தாளில் இருக்க வேண்டாம். இப்போது அலுவலகக் கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி. கடைசியில் 'மொத்தப் பங்குத்தொகை' என்று ஒரு கட்டம். புதிதாகப் பணம் வந்தால் பழைய தொகையை அழித்துவிட்டுப் புதுத்தொகையை அடிக்கிறார்கள். 300 எப்படி 500 ஆனது என்று தணிக்கையாளர் கேட்டால் ரசீதுக் கட்டைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே இருப்புத் தொகையை யாரும் கையால் அடிக்கவே முடியாதபடி செய்யுங்கள். அது கணக்கிட்டுத்தான் வர வேண்டும்.

முதல் தாளில் ஆளுக்கு ஒரு வரி: உறுப்பினர் எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், தெரு, கைபேசி எண், சேர்த்துக்கொண்ட தீர்மான எண்ணும் நாளும், நுழைவுக் கட்டண ரசீது எண், நியமனதாரர் பெயர், உறவு, பழைய பேரேட்டுப் பக்கம், உறுப்பினர் நிலை. நம் ஊரில் முருகேசன் மட்டும் ஆறு பேர். அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. ஆகவே பெயரை வைத்துத் தேடும்போது தகப்பனார் பெயரும் தெருவும் சேர்ந்து கண்ணில் பட வேண்டும். கல்யாணமானதும் இனிஷியல் மாறிய பெண்கள் உண்டு. அவர்களுக்குப் பழைய பெயரை எழுத ஒரு கட்டம் விடுங்கள்.

உறுப்பினர் எண்ணை மட்டும் மாற்றவே கூடாது. விலகியவர், இறந்தவர் எண்ணைப் புதியவருக்குக் கொடுப்பதில்லை. அவர் வரியும் அழியாமல் நிற்க வேண்டும். நிலையில் 'விலகினார்' அல்லது 'காலமானார்' என்று நாளோடு வந்தால் போதும். 147, 147/அ என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் யாரோ கொடுத்த எண், இனி ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அந்தக் கட்டம் எழுத்தையும் ஏற்க வேண்டும். வரிசைப்படுத்தினால் 10-க்குப் பின் 100 வந்து நிற்கவும் கூடாது.

இரண்டாம் தாள்தான் உயிர். ரசீதுக்கு ஒரு வரி: நாள், ரசீது அல்லது வவுச்சர் எண், உறுப்பினர் எண், வகை, வரவு, பற்று, தீர்மான எண், குறிப்பு. வகையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள்: ரொக்கம், பால் பணத்தில் பிடித்தம், போனஸில் பிடித்தம், திருப்பிக் கொடுத்தது, பெயர் மாற்றம். இறந்தவர் பங்கு நியமனதாரருக்குப் போனால் இரண்டு வரி விழ வேண்டும். இவர் கணக்கில் பற்று, அவர் கணக்கில் வரவு, இரண்டிலும் ஒரே தீர்மான எண். நம் சங்கத்தில் பங்கு ஒன்று 100 ரூபாய். பிடித்தம் 37, 62 என்று சில்லறையாகவும் வரும். ஆகவே முழுப் பங்கு எத்தனை, மீதி எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஈவுத்தொகை முழுப் பங்குக்குத்தான் போடுகிறோம்.

மேலே ஒரு கட்டத்தில் நான் ஒரு நாளை அடித்தால், அந்த நாளில் யாருக்கு எவ்வளவு இருப்பு என்று வர வேண்டும். தணிக்கைக்கு 31.03.2024 நிலவரம்தான் கேட்பார்கள், இன்றைய நிலவரம் அல்ல. அதே இடத்தில் பொதுப் பேரேட்டின் பங்கு மூலதனத் தொகையையும் நான் அடிப்பேன். எல்லோர் இருப்பின் கூட்டுத்தொகைக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு ரூபாய் இருந்தாலும் சிவப்பில் காட்டட்டும். நாள் 05.06 என்பதை மே மாதம் ஆறாம் தேதியாக அந்தக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. அதையும் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இதில் வேண்டாம். அலுவலகத்துக்கு வருகிற யாரும் எட்டிப் பார்க்கக்கூடிய திரை அது. யார் எத்தனை நாள் பால் ஊற்றினார் என்பதும் வேண்டாம், அதற்கு வேறு பதிவேடு உண்டு. வாக்குக்கென்று பங்கு எண்ணிக்கையைக் கூட்டும் கட்டம் ஒன்றை நீங்கள் யோசனையாக எழுதியிருந்தீர்கள். ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஐம்பது வைத்திருந்தாலும் நம்மிடம் ஒருவருக்கு ஒரு வாக்குதான், தம்பி. அதை எடுத்துவிடுங்கள்.

அச்சு லீகல் தாளில் படுக்கை வாட்டமாக வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கட்டங்களின் பெயரும், அடியில் அந்தப் பக்கத்தின் மொத்தமும், தலைவரும் நானும் கையெழுத்திட இடமும் இருக்கட்டும். பழைய பட்டியல் வானவில் எழுத்துருவில் இருக்கிறது. அப்படியே ஒட்டினால் கிறுக்கலாகத்தான் தெரியும், யூனிகோடுக்கு மாற்றிய பிறகு பெயர்களை நானே ஒருமுறை சரிபார்க்கிறேன்.

முதலில் பேரேட்டின் முதல் ஐம்பது உறுப்பினர்களை மட்டும் ஏற்றி அனுப்புங்கள். அந்தப் பக்கங்களைப் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கூட்டுத்தொகை பேரேட்டோடு ஒத்துப்போனால் மீதியை ஏற்றிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் காலை ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதுவரை பால் எடுக்கும் வேலை.

அன்புடன்,
செயலாளர்,
பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு சங்கம்