விளக்கு சிமிட்டும் பெட்டிக்கு இரண்டு சாவி

எல்லோருக்கும் வணக்கம். பின் வரிசையில் மின்விசிறிக்கு அடியில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி. வீட்டு வைஃபையைப் பூட்டி வைப்பது பற்றிப் பேச செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மூன்றாவது குறுக்குத் தெரு, வேப்பமரத்து வீடு. தொலைபேசித் துறையில் 34 வருடம் கேபிள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் உங்கள் லைனில் இன்னொருத்தன் பேச வேண்டுமென்றால் கம்பத்தில் ஏறி ஒயரில் கை வைக்க வேண்டும். தெருவே பார்க்கும். வைஃபைக்கு அந்தச் சிரமம் கிடையாது. கருவாடு வறுத்தால் வாசனை காம்பவுண்டு சுவரோடு நின்றுவிடுகிறதா? இதுவும் அப்படித்தான். உங்கள் வீட்டு வைஃபை எதிர் வீட்டு மாடி வரைக்கும், சில நேரம் தெருமுனை டீக்கடை வரைக்கும் போகிறது.

"போனால் போகட்டும், யாரோ ஒரு பையன் படம் பார்த்துவிட்டுப் போகிறான்" என்று போன வாரம் ஒருவர் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டு வெடித்தது நினைவிருக்கும். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. போலீஸ் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய் நின்ற இடம், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீடு. அவருக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் சம்பந்தமில்லை. அவர் வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். இது தெளிவாகும் வரை விசாரணை, கேள்வி எல்லாம் அவருக்குத்தான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிக்கு, அதாவது ரூட்டருக்கு, இரண்டு சாவி உண்டு. ஒன்று வைஃபை பாஸ்வேர்ட். பேரன் வந்ததும் வராததுமாகக் கேட்பானே, அது. தெருக்கதவுச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பெட்டிக்குள்ளேயே போய் அமைப்புகளை மாற்றும் பாஸ்வேர்ட். இது பீரோ சாவி. நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டாவது சாவி இருப்பதே தெரியாது. இணைப்பு கொடுக்க வந்த தம்பிக்கு மட்டும் தெரியும்.

என் கதையையே சொல்கிறேன். ஃபைபர் இணைப்பு வாங்கினேன். வந்த பையன் அவசரத்தில் இருந்தான். வைஃபை பாஸ்வேர்டாக என் மொபைல் எண்ணையே போட்டுவிட்டுப் போனான். பீரோ சாவி, பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்தபடியே இருந்தது: பெயர் `admin`, பாஸ்வேர்டும் `admin`. லீவுக்கு வந்த பேத்தி இரண்டே நிமிடத்தில் உள்ளே போய், "தாத்தா, இதுதான் உங்க 34 வருஷ சர்வீஸா?" என்று கேட்டாள். 2016-இல் மிராய் என்று ஒரு கெட்ட நிரல், இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்தே உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் வசப்படுத்தியது. பூட்டை உடைத்து அல்ல. சாவியை மாற்றாததால்.

மொபைல் எண் ஏன் ஆகாது? இங்கே நல்ல கேள்வி ஒன்று வந்தது: "வாசலில் நின்று எத்தனை தடவை ஒருத்தன் போட்டுப் பார்ப்பான்?" அவன் நிற்கவே வேண்டாம். உங்கள் போன் வைஃபையில் சேரும்போது போனும் பெட்டியும் பாஸ்வேர்டைச் சரிபார்த்துக்கொள்ளக் காற்றில் கைகுலுக்கும். அதை ஒரு தடவை பதிவு செய்துகொண்டால் போதும். வீட்டுக்குப் போய் ஆற அமரக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பான். நம் ஊர் மொபைல் எண் பத்து இலக்கம், 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். வலுவான கம்ப்யூட்டருக்கு அது சில மணி நேர வேலை.

நீளமாக வையுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் போதும். உதாரணத்துக்கு:

```
thinnai-murungai-kudai-yaanai
```

இதையே யாரும் போட்டுவிடாதீர்கள், இன்று அறுபது பேர் கேட்டுவிட்டீர்கள். மனதில் நிற்காது என்றால் டைரியில் எழுதி வையுங்கள். எழுதவே கூடாது என்பார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம் டைரியைத் திருட யாரும் சுவரேறி வரப்போவதில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கும்படி ஹால் காலண்டரில் மட்டும் எழுதாதீர்கள்.

எப்படி மாற்றுவது? பெட்டியின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் `192.168.1.1` மாதிரி ஒரு எண் இருக்கும். வீட்டு வைஃபையில் இருக்கும் போனில், பிரவுசரில், அந்த எண்ணை அடித்தால் பெட்டியின் பக்கம் திறக்கும். முதலில் பீரோ சாவி, அப்புறம் தெருச் சாவி. பாதுகாப்பு வகை என்று கேட்கும் இடத்தில் WPA3 இருந்தால் அது, இல்லாவிட்டால் WPA2. WEP என்று இருந்தால் அந்தப் பெட்டி மிகப் பழசு, மாற்றித் தரச் சொல்லுங்கள். WPS என்பதையும் அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க எண்ணால் உள்ளே விடும் வசதி அது. அதன் ஓட்டை 2011-லேயே வெளிவந்துவிட்டது. சில நிறுவனங்கள் இந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கும். அப்போது பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்கள் போன் செய்து கேளுங்கள். இன்னொன்று, தெருச் சாவியை மாற்றியதும் டிவி, டேப்லெட், மருமகள் லேப்டாப் எல்லாம் அறுந்து போகும். கிரிக்கெட் மேட்ச் நாளில் செய்யாதீர்கள்.

மாடியில் குடித்தனம் வைத்திருப்பவர்களுக்கு: 'கெஸ்ட்' என்று தனி வைஃபை ஒன்றைப் பல பெட்டிகளில் திறக்கலாம். விருந்தாளிக்கும் குடித்தனக்காரருக்கும் அதைக் கொடுங்கள். அவர்கள் திண்ணையோடு நிற்பார்கள்.

கடைசியாக, எனக்கு நிஜமாகவே கவலை தரும் விஷயம். "உங்கள் ரூட்டரில் வைரஸ் இருக்கிறது, இந்த செயலியை இறக்குங்கள், நாங்களே சரி செய்கிறோம்" என்று போன் வரும். மரியாதையாக, அம்மா, ஐயா என்று கூப்பிட்டுத்தான் பேசுவார்கள். அந்தச் செயலி உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி உட்பட. நீங்களே கதவைத் திறந்துவிட்டால் எத்தனை நீளப் பாஸ்வேர்டு இருந்தும் பயனில்லை. போனை வைத்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள அவர் சம்பந்தி இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் நிறுத்தி வைக்க வழி உண்டு.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் ஒவ்வொரு தெருவாக வருகிறேன். யாருக்கு உதவி வேண்டுமோ வாசலில் இருக்கும் நோட்டில் கதவு எண்ணை எழுதிவிட்டுப் போங்கள். ஒரே நிபந்தனை, புதுப் பாஸ்வேர்டை நீங்களே யோசித்து நீங்களே அடிக்க வேண்டும். அந்த நேரம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என்னிடமும் சொல்லக் கூடாது.

சரி, கேள்வி இருந்தால் கேளுங்கள். அந்த ஓரத்தில் அம்மா கை தூக்கியிருக்கிறார்கள், மைக்கை அங்கே கொடுங்கள்.