எட்டரை

சுவரில் ஒட்டியிருந்த பரீட்சை அட்டவணைப்படி இரசாயனவியல் பின்னேரம் ஒரு மணிக்கு. அதனால்தான் ஏழரைக்கும் மதுரா முற்றத்தில் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

போனில் டேட்டா முடிஞ்சு இரண்டு நாள். சமன்பாடுகளைப் படமெடுத்து வைத்த ஞாபகத்தில் கேலரியைத் தட்டினாள். சமன்பாட்டுக்குப் பதிலாக ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்து நின்றது. போன கிழமை வகுப்புக் குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே ரீச்சர் போட்ட திருத்தம். பூக்களுக்குள் தொலைந்துவிடும் என்றுதான் அன்றைக்கே பிடித்து வைத்தாள், வைத்ததையும் மறந்துபோனாள்.

இரசாயனவியல், புதன், காலை 8.30.

"அம்மா! இண்டைக்கு என்ன கிழமை?"

"புதன். ஏன் பிள்ளை?"

ஒட்டுசுட்டானில் பஸ் போய்விட்டது. மாமா உரப்பையை இறக்கிப் போட்டுவிட்டு மோட்டார்சைக்கிளைத் திருப்பினார். மாங்குளம் வரைக்கும் இருவரும் ஒரு சொல் பேசவில்லை. பின்னல் பாதியில் அவிழ்ந்து காற்றில் அடித்தது.

வாசலில் நின்ற சேர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "உங்கட சோதினை பின்னேரமெல்லோ?"

பழைய தாள். மதுரா போனை நீட்டினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"ஓம்... ஓடு பிள்ளை, மணி அடிக்கப் போறாங்கள்."

ஓடினாள். பாதி வழியில்தான் கல்குலேட்டர் மாமாவின் சேட்டுப் பையில் என்பது நினைவுக்கு வந்தது.