தண்ணீர் நேரப் பட்டைப் படம்: வார்டு கூட்டத்தில் கவுன்சிலர் பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னால வாங்க, எழுத்து சின்னதா இருக்கு.

கீழே தெருப் பேரு, இடது பக்கம் மணி நேரம். பட்டை எவ்வளவு உசரமோ, ஒரு நாளைக்கு அவ்வளவு நேரம் குழாயில தண்ணி வருது. வால்வு திறக்கிற தம்பி போன மாசம் நோட்டுல எழுதினதோட சராசரி இது. பள்ளிக்கூடத் தெரு இரண்டரை மணி நேரம். மேட்டுத் தெரு வெறும் முக்கால் மணி.

"உங்க வீடு பள்ளிக்கூடத் தெருவுலதானே"ன்னு முணுமுணுக்கிறது கேக்குது. ஆமா, அங்கதான். மேல்நிலைத் தொட்டி பக்கத்துல இருக்கு, முதல்ல அங்க பாயுது. மேட்டுத் தெரு லைன்ல கடைசி, மேடு வேற. நடுவுல நாலு வீட்டுல குழாயிலயே மோட்டார் போட்டு உறிஞ்சினா, அங்க காத்துதான் வரும்.

அம்மன் கோயில் தெருப் பட்டைதான் உசரம், 3 மணி நேரம். ஆனா குடம் நிறைய பத்து நிமிஷம் ஆகுதுன்னு அங்கதான் சண்டையே. இந்தப் படம் நேரத்தைக் காட்டும், வேகத்தைக் காட்டாது.

திங்கள்கிழமையிலிருந்து விடியக்காலை 5 மணிக்கு மத்த வால்வை மூடிட்டு மேட்டுத் தெருவுக்கு மட்டும் விடுவாங்க. பள்ளிக்கூடத் தெருவுக்கு அரை மணி குறையும், எங்க வீட்டுக்கும் சேர்த்துத்தான். மோட்டாரை நீங்களே கழட்டிடுங்க. அதிகாரிங்க வந்து பிடுங்கினா நான் பரிஞ்சு பேச வரமாட்டேன்.