அந்த ஸ்லைடுகளைக் கட்டைக் கணக்கில் படிப்பது எப்படி

தம்பி, உன் மேற்கத்திய இசை வகுப்பில் கொடுத்ததென்று நீ அனுப்பின ஸ்லைடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். "அக்கா, ஐந்து கோட்டைப் பார்த்தாலே ஒன்றும் புரியலைங்க, இந்த வகுப்பே நமக்கு ஆகாது போல" என்று எழுதியிருந்தாய். ஆகும். பாட்டுக்காரர் தன் சுருதி "ரெண்டு கட்டை" என்று சொன்ன நொடியில் கை தானாக அங்கே போய் நிற்கிற உனக்கு, இதில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். கீபோர்டை ஆன் பண்ணி முன்னால் வைத்துக்கொண்டு இதைப் படி.

முதல் இரண்டு ஸ்லைடை விட்டுவிடு, அது வரலாறு. மூன்றாவதில்தான் நீ நின்றுவிட்டாய். அதில் கோட்டு மேல் வட்டங்களுக்குக் கீழே C D E F G A B C என்று எழுதியிருக்கிறது பார், இப்போதைக்கு அந்த எழுத்து மட்டும் போதும். C ஒரு கட்டை, D இரண்டு, E மூன்று, F நான்கு, G ஐந்து, A ஆறு, B ஏழு. நடுவில் இருக்கிற கறுப்புக் கட்டை எல்லாம் அரை. C# ஒன்றரை, D# இரண்டரை, F# நாலரை, G# ஐந்தரை, A# ஆறரை.

இப்போது ஒன்றைக் கவனி. கச்சேரியில் யாராவது "மூன்றரைக் கட்டை" கேட்டிருக்கிறார்களா? "ஏழரை" கேட்டிருக்கிறார்களா? மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லை, ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் இல்லை. அந்த இரண்டு இடத்தில் மட்டும் பக்கத்து வெள்ளைக்குப் போக ஒரே அடி, மற்ற வெள்ளைகளுக்கு நடுவில் இரண்டு அடி. ஒரு அடி என்று நான் சொல்வது, வெள்ளையோ கறுப்போ, ஒட்டியிருக்கிற அடுத்த கட்டை. ஐந்து கோட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, E-யும் F-உம் D-யும் E-யும் ஒரே இடைவெளியில்தான் வரைந்திருக்கும். கீபோர்டில் பளிச்சென்று தெரியும். அதனால் இந்தப் பாடத்துக்கு நோட்டேஷன் தெரியாதது உனக்கு ஒரு குறையே இல்லை, இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

நான்காவது ஸ்லைடில் W W H W W W H என்று போட்டிருப்பது இதேதான். W என்றால் இரண்டு அடி, H என்றால் ஒரு அடி. 2 2 1 2 2 2 1, கூட்டினால் 12, மேல் ஸ்தாயி வந்துவிடும். இதுதான் மேஜர் ஸ்கேல். ஒரு கட்டையில் தொடங்கினால் முழுக்க வெள்ளை. இரண்டு கட்டையில் தொடங்கி இதே கணக்கை எண்ணு: 2, 3, 4½, 5, 6, 7, 1½, மறுபடி 2. இரண்டு கறுப்பு வந்ததா? ஸ்லைடின் ஓரத்தில் D major என்று போட்டு இரண்டு # குறி வைத்திருப்பது அதற்குத்தான். மேடையில் அவசரத்துக்கு டிரான்ஸ்போஸ் பட்டனைப் போடு, தப்பில்லை. ஆனால் வீட்டில் பழகும்போது அதைத் தொடாதே, தொட்டால் இந்த எண்ணிக்கை கைக்கு ஏறவே ஏறாது.

நம் பாஷையில் இது 29ஆவது மேளம், சங்கராபரணத்தின் சுரங்கள். கமகம் இல்லாமல் சுரத்தை மட்டும் வாசித்தால் அது ராகம் ஆகாது, ஆனால் சுர இடம் ஒன்றுதான். ம-வையும் நி-யையும் எடுத்துவிட்டால் மோகனத்தின் சுரங்கள், நாள் முழுக்க நீ வாசிப்பது. அடுத்து, அதே வெள்ளைக் கட்டைகளை ஆறு கட்டையில் தொடங்கி ஆறு கட்டையில் முடித்துப் பார், அது இயல்பான மைனர், 2 1 2 2 1 2 2, நடபைரவியின் சுரங்கள். ஒரு கட்டையையும் மாற்றவில்லை, சா-வின் இடம் மட்டும் மாறியது, மொத்த மனநிலையும் மாறிவிட்டது பார். இதைச் சித்தெ நேரம் மாற்றி மாற்றி வாசித்துக் கேள். எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

ஐந்தாவது ஸ்லைடு இன்டர்வெல். எல்லோரும் குழம்புகிற இடம். C-யிலிருந்து G-க்கு perfect fifth என்று இருக்கிறது, நீ எண்ணினால் ஏழு அடி வருகிறது, ஸ்லைடு தப்போ என்று தோன்றும். பெயரில் வரும் எண் எழுத்தை எண்ணுவது, தொடங்கின எழுத்தையும் சேர்த்து: C D E F G, ஐந்து. அடி என்பது கட்டைக் கணக்கு. இரண்டும் வேறு வேறு, கலக்காதே. இந்த ஏழு அடி நம் பஞ்சமம், தம்புராவில் ச-வோடு ஒட்டி நிற்கிற ப. ஐந்து அடி சுத்த மத்யமம். ஆறு அடி பிரதி மத்யமம், ஒட்டுக்கா வாசித்தால் உறுத்தும், அதை ஞாபகம் வை, கடைசியில் தேவைப்படும். M3, m3 என்று இருப்பது காந்தாரம்: பெரிய M நான்கு அடி, அந்தர காந்தாரம், சின்ன m மூன்று அடி, சாதாரண காந்தாரம். மற்ற வரிகளை இந்த வாரம் மனப்பாடம் பண்ண வேண்டாம்.

இந்தக் காந்தாரத்தை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால் ஆறாவது ஸ்லைடு முழுக்க அதில்தான் நிற்கிறது. கார்டு என்பது மூன்று சுரத்தை ஒட்டுக்கா அழுத்துவது. C கார்டு 1, 3, 5 கட்டை: நான்கு அடி, அப்புறம் மூன்று அடி. நடுவிரலை மட்டும் இரண்டரைக்கு இறக்கு, Cm. மூன்று அடி, அப்புறம் நான்கு. ஓரத்து இரண்டு விரலும் அசையவே இல்லை, காந்தாரம் ஒரு அடி இறங்கினதில் பாட்டின் முகமே வாடிவிட்டது. ஸ்லைடில் எந்த கார்டைப் பார்த்தாலும் இப்படிப் பிரித்து எண்ணு, 4+3 மேஜர், 3+4 மைனர், 3+3 டிமினிஷ்ட்.

ஏழாவதில் இருக்கிற ரோமன் எண்ணைப் பார்த்துப் பயந்திருப்பாய். வெள்ளையில் ஒன்று விட்டு ஒன்று வைத்து மூன்று மூன்றாக அழுத்திக்கொண்டே மேலே போ: C, Dm, Em, F, G, Am, கடைசியில் B டிமினிஷ்ட். அதையே I ii iii IV V vi என்று எண் போட்டிருக்கிறார்கள், பெரிய எழுத்து மேஜர், சின்ன எழுத்து மைனர். எண் எதற்கு என்றால், பாட்டுக்காரர் சுருதி மாற்றினாலும் எண் மாறாது. I IV V என்பது ஒரு கட்டையில் C F G, இரண்டு கட்டையில் D G A. கச்சேரிக்காரனுக்கு நெம்ப உபயோகமான ஸ்லைடு இது ஒன்றுதான்.

எட்டாவது G7. ஐந்து கட்டை, ஏழு, மேல் இரண்டு, மேல் நான்கு. இதில் ஏழுக்கும் நான்குக்கும் ஆறு அடி, அந்த உறுத்தல். அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழை மேல் ஒன்றுக்கு ஏற்று, நான்கை மூன்றுக்கு இறக்கு. இரண்டும் ஒரே அடி நகர்ந்து C கார்டில் போய் உட்காருகிறது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் காதால் கண்டுபிடித்து நீ போடுவாயே, அதுதான் இது.

சனிக்கிழமை ஈரோட்டுக்கு வரும்போது இதையே இரண்டு கட்டையில் வாசித்துக் காட்டு. A7-இலிருந்து D-க்கு, டிரான்ஸ்போஸ் இல்லாமல். நகர்கிற இரண்டு விரலும் எங்கிருந்து எங்கே போகிறது என்று நீயே எண்ணிச் சொல்ல வேண்டும்.