முன் மதிப்பெண், பின் மதிப்பெண்: இணை மாதிரி டி-சோதனையைக் கையால் போட்டுப் பார்ப்போம்

பத்து மாணவர்களுக்கு நான்கு வாரம் மனக்கணக்குப் பயிற்சி. தொடங்குவதற்கு முன் 50 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. முடிந்த பிறகு, அதே அளவு கடினமான வேறு கேள்விகளோடு இன்னொரு தேர்வு. முன் தேர்வின் சராசரி 26, பின் தேர்வின் சராசரி 30. நான்கு மதிப்பெண் கூடியிருக்கிறது. இந்த நான்கை நம்பலாமா, அல்லது பத்துப் பேரின் மதிப்பெண்கள் வழக்கமாக ஏறி இறங்குவதில் தற்செயலாக வந்த கூடுதலா? இதைச் சொல்லத்தான் இணை மாதிரி டி-சோதனை.

மதிப்பெண்கள் இவை. கடைசி வரிசை d என்பது பின் மதிப்பெண்ணிலிருந்து முன் மதிப்பெண்ணைக் கழித்தது.

| மாணவர் | முன் | பின் | d |
|---|---|---|---|
| 1 | 24 | 29 | 5 |
| 2 | 31 | 33 | 2 |
| 3 | 18 | 26 | 8 |
| 4 | 27 | 26 | −1 |
| 5 | 35 | 38 | 3 |
| 6 | 22 | 28 | 6 |
| 7 | 29 | 33 | 4 |
| 8 | 16 | 23 | 7 |
| 9 | 33 | 33 | 0 |
| 10 | 25 | 31 | 6 |

d வரிசையை எழுதியதுமே வேலையில் பாதி முடிந்துவிட்டது. இனி முன், பின் வரிசைகளை மறந்துவிடலாம். இணை டி-சோதனை என்று தனியாக ஒரு பெயர் இருந்தாலும், அது செய்வது ஒன்றே ஒன்று: இந்த வித்தியாசங்களின் சராசரி பூஜ்யத்திலிருந்து போதுமான அளவு விலகியிருக்கிறதா என்று பார்க்கிறது. கழிக்கும் திசையை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பின் கழித்தல் முன் என்று வைத்தால், கூட்டல் குறி முன்னேற்றத்தைக் காட்டும். திசையை மாற்றினால் t-யின் குறி மாறும், முடிவு மாறாது.

சோதனைக்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரே ஆளின் இரண்டு மதிப்பெண்களும் ஒரே வரியில் இருக்க வேண்டும். பெயர் வரிசை கலைந்து, ஒருவரின் பின் மதிப்பெண் இன்னொருவர் வரியில் ஏறிவிட்டால் எந்த மென்பொருளும் எச்சரிக்காது. தவறான விடையை அமைதியாகத் தந்துவிடும். பின் தேர்வுக்கு ஒருவர் வரவில்லையென்றால் அவருடைய இணையை முழுதாக நீக்க வேண்டும். அங்கே சராசரியைப் போட்டு நிரப்பக் கூடாது. ஒருவர் மதிப்பெண் மற்றவருடையதைப் பாதித்திருக்கவும் கூடாது. பார்த்து எழுதியிருந்தால் சோதனையின் அடிப்படையே போய்விடும்.

அடுத்தது இயல்நிலைப் பரவல். இங்கே பலரும் முன் மதிப்பெண்களையும் பின் மதிப்பெண்களையும் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். அது தேவையில்லை. ஏறத்தாழ இயல்நிலையில் இருக்க வேண்டியது d மட்டுமே. நம் d-களை ஏறுவரிசையில் வைத்தால்: −1, 0, 2, 3, 4, 5, 6, 6, 7, 8. இடைநிலை 4.5, சராசரி 4. தனியே தூரத்தில் நிற்கும் எண் எதுவும் இல்லை, ஒரு பக்கமாகப் பெரிதாகச் சாயவும் இல்லை. சரி, போகலாம். ஒருவேளை ஒருவர் மட்டும் 30 மதிப்பெண் ஏறியிருந்தால், இயல்நிலையை எதிர்பார்க்காத வில்காக்சன் குறியுடைய தரவரிசைச் சோதனைக்கு நான் போயிருப்பேன்.

எடுகோள்கள்

இன்மை எடுகோள்: வித்தியாசங்களின் உண்மைச் சராசரி பூஜ்யம். மாற்று எடுகோள்: அது பூஜ்யம் அல்ல. α என்பது, இன்மை எடுகோள் உண்மையாக இருந்தும் அதைத் தவறாக நிராகரிக்க நாம் அனுமதிக்கும் வாய்ப்பு.

```
H0: μd = 0
H1: μd ≠ 0
α = 0.05
```

பயிற்சி மதிப்பெண்ணைக் கூட்டும் என்றுதானே எதிர்பார்க்கிறோம், ஒருமுனைச் சோதனை போதாதா என்று கேட்கலாம். குறுக்குவழியைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி சிலரைக் குழப்பி மதிப்பெண்ணைக் குறைக்கவும் கூடும். அந்தப் பக்கமும் கண்ணில் பட வேண்டும் என்பதால் இருமுனைச் சோதனை. ஒருமுனை வேண்டுமானால் மதிப்பெண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பார்த்த பிறகு மாற்றுவது நேர்மையல்ல.

கணக்கு

d-களின் கூட்டுத்தொகை 40. பத்தால் வகுத்தால் சராசரி 4.

ஒவ்வொரு d-யிலிருந்தும் 4-ஐக் கழித்தால் கிடைக்கும் விலக்கங்கள்: 1, −2, 4, −5, −1, 2, 0, 3, −4, 2. இவற்றைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும், வருகிறது. கையால் போடும்போது இந்தச் சரிபார்ப்பைத் தவறவிடாதீர்கள். வர்க்கங்கள்: 1, 4, 16, 25, 1, 4, 0, 9, 16, 4. கூட்டுத்தொகை 80.

```
பரவற்படி      = 80 / (10 − 1) = 8.889
திட்டவிலக்கம் = √8.889 = 2.981
திட்டப்பிழை   = 2.981 / √10 = 0.943
t = 4 / 0.943 = 4.24
df = 10 − 1 = 9
```

df என்பது கட்டின்மைக் கூறு, இங்கே இணைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. திட்டவிலக்கம் 2.98 சொல்வது, மாணவர்களின் முன்னேற்றம் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபடுகிறது என்பது. திட்டப்பிழை 0.943 சொல்வது வேறு: இதே மாதிரி பத்துப் பேரை மறுபடி மறுபடி எடுத்தால் அந்தச் சராசரி 4 எவ்வளவு ஆடும் என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. t என்பது சராசரி மாற்றத்தை அந்த ஆட்டத்தால் வகுத்தது. நமக்குக் கிடைத்த மாற்றம், அதன் திட்டப்பிழையைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

பத்துப் பேர் போதுமா என்ற தயக்கம் வரும். டி-சோதனை பிறந்ததே சிறிய மாதிரிகளுக்காகத்தான். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி கோசெட், 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் இதை வெளியிட்டார். அவர் அதில் எடுத்துக்காட்டிய தரவுகளில் ஒன்று, பத்து நோயாளிகள் இரண்டு மருந்துகளில் கூடுதலாக எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்பது. ஒரே ஆள், இரண்டு அளவீடு. நம் கணக்கைப் போலவே இணை மாதிரி. ஆர் மென்பொருளில் `sleep` என்ற பெயரில் அந்தத் தரவு இன்றும் இருக்கிறது.

முடிவெடுத்தல்

df 9-க்கு, 0.05 மட்டத்தில் இருமுனை அட்டவணை மதிப்பு 2.262. நம் t 4.24. அட்டவணை மதிப்பைத் தாண்டிவிட்டதால் இன்மை எடுகோளை நிராகரிக்கிறோம். 0.01 மட்டத்து மதிப்பு 3.250, அதையும் தாண்டுகிறது. 0.001-க்கு 4.781 வேண்டும், அதை எட்டவில்லை. ஆக p என்ற நிகழ்தகவு மதிப்பு, 0.01-க்கும் 0.001-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பது அட்டவணையிலேயே தெரிந்துவிடுகிறது. கணினி தரும் துல்லியமான மதிப்பு 0.0022.

இந்த 0.0022-ஐ எப்படிப் படிப்பது? பயிற்சியின் முன்னும் பின்னும் உண்மையில் மாற்றமே இல்லை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதற்கும் மேலோ விலகிய t வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு. அவ்வளவுதான். இன்மை எடுகோள் உண்மையாக இருக்க 0.22 சதவீத வாய்ப்பு என்று எழுதினால் தவறு. பயிற்சி வெற்றி பெற 99.78 சதவீத வாய்ப்பு என்று எழுதினால் அதைவிடப் பெரிய தவறு.

எவ்வளவு மாற்றம்?

p மட்டும் எழுதி நிறுத்திவிடும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். படிப்பவருக்கு வேண்டியது மாற்றத்தின் அளவு. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி அதைத் தருகிறது:

```
4 ± 2.262 × 0.943 = 4 ± 2.13
1.87 முதல் 6.13 வரை
```

நம் தரவோடு ஒத்துப்போகும் சராசரி உயர்வு ஏறத்தாழ 2 மதிப்பெண்ணாகவும் இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம். 50-க்கு இரண்டு மதிப்பெண் என்றால் நான்கு வார உழைப்புக்கு அது போதுமா என்பதைப் பயிற்சி நடத்துபவர்தான் சொல்ல வேண்டும். எண் அதைச் சொல்லாது. இடைவெளிக்குள் பூஜ்யம் இல்லை என்பதும் நாம் முன்பு எடுத்த முடிவோடு பொருந்துகிறது.

விளைவின் அளவு, சராசரி வித்தியாசத்தை d-யின் திட்டவிலக்கத்தால் வகுத்தது: 4 / 2.981 = 1.34. புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹன் சொன்ன 0.8 என்ற பொதுக்கோட்டை வைத்துப் பார்த்தால் பெரிய விளைவு. ஆனால் அந்தக் கோட்டை அவர் தனித்தனிக் குழுக்களை ஒப்பிடுவதற்காகச் சொன்னார். இணை மாதிரியில் வகுப்பது வித்தியாசத்தின் திட்டவிலக்கத்தால் என்பதால் இந்த எண் பெரிதாகத் தெரியும். முன் தேர்வின் திட்டவிலக்கமான 6.24-ஆல் வகுத்தால் 0.64 தான் வருகிறது. எதால் வகுத்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

தவறான சோதனையைப் போட்டிருந்தால்

முன் மதிப்பெண்களையும் பின் மதிப்பெண்களையும் இரண்டு தனிக் குழுக்களாக எண்ணி, சாதாரண இரு மாதிரி டி-சோதனை போட்டுப் பாருங்கள். சராசரி வித்தியாசம் அதே 4. ஆனால் திட்டப்பிழை 2.42 ஆகிவிடுகிறது, t வெறும் 1.65. df 18-க்கு அட்டவணை மதிப்பு 2.101. மாற்றம் இல்லை என்று முடிவாகிவிடும்! அதே பத்துப் பேர், அதே மதிப்பெண்கள்.

காரணம் இதுதான். மாணவர்களுக்குள் இயல்பாகவே பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ஒருவர் 16, இன்னொருவர் 35. தனிக் குழுச் சோதனையில் அந்த ஏற்றத்தாழ்வு முழுவதும் இரைச்சலாக வந்து சேர்கிறது. இணையாக்கும்போது ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிடுகிறோம், அந்த இரைச்சல் கழிந்துபோகிறது. முன், பின் மதிப்பெண்களுக்கு இடையே ஒட்டுறவு 0.90 இருப்பதால் இங்கே அந்த லாபம் பெரிது. முன்னே தேர்வு எழுதியவர்கள் வேறு, பின்னே எழுதியவர்கள் வேறு என்றால் மட்டும்தான் தனிக் குழுச் சோதனை சரி.

கையால் போட்டதைச் சரிபார்க்க ஆர் மென்பொருளில் மூன்று வரி:

```
before <- c(24,31,18,27,35,22,29,16,33,25)
after  <- c(29,33,26,26,38,28,33,23,33,31)
t.test(after, before, paired = TRUE)
```

`t = 4.2426, df = 9, p-value = 0.002166` என்று வரும்.

ஆய்வேட்டில் எழுதுவது

"பயிற்சிக்கு முன் மாணவர்களின் சராசரி மதிப்பெண் 26.0 (திட்டவிலக்கம் 6.24), பயிற்சிக்குப் பின் 30.0 (திட்டவிலக்கம் 4.45). இணை மாதிரி டி-சோதனையின்படி சராசரி உயர்வு 4.0 மதிப்பெண், 95% நம்பிக்கை இடைவெளி 1.87 முதல் 6.13 வரை, t(9) = 4.24, p = 0.002, வித்தியாசத்தின் திட்டவிலக்கத்தைக் கொண்டு கணித்த விளைவின் அளவு 1.34. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மதிப்பெண் கூடியது, ஒருவருக்கு மாறவில்லை, ஒருவருக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சராசரி கூடியது என்றால் எல்லோருக்கும் மதிப்பெண் கூடியது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். நான்காம் மாணவரும் ஒன்பதாம் மாணவரும் அதில் மறைந்துபோவார்கள்.

"பயிற்சியால் உயர்ந்தது" என்று மேலே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உயர்ந்தது என்பதைச் சோதனை காட்டிவிட்டது, எதனால் என்று காட்டவில்லை. நான்கு வாரத்தில் வகுப்பிலும் கணக்கு நடந்திருக்கும். இரண்டாம் முறை தேர்வு எழுதும்போது தேர்வின் போக்கு பழகியிருக்கும். இன்னொன்றும் இருக்கிறது: 18 வாங்கியவர் 8 ஏறினார், 16 வாங்கியவர் 7 ஏறினார், 31-க்கு மேல் வாங்கிய இருவரில் ஒருவர் 3 ஏறினார், மற்றவர் அப்படியே நின்றார். முதல் தேர்வில் மிகக் குறைவாக வாங்கியவர்களில் சிலருக்கு அன்றைய நாள் சரியில்லாமலும் இருந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் அடுத்த தேர்வில் பயிற்சி இல்லாமலேயே சராசரியை நோக்கி ஏறுவார்கள். பயிற்சி பெறாத இன்னொரு பத்துப் பேருக்கும் அதே இரண்டு தேர்வுகளை வைத்திருந்தால், இரண்டு குழுக்களின் d-களையும் ஒப்பிட்டு இதைப் பிரித்துப் பார்த்திருக்கலாம்.